குறுகும் குழாயில் அழுத்தம் ஏன் குறைகிறது?

கிடைமட்டமான குழாய் ஒன்று நடுவில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடுமா, குறையுமா? பதினோராம் வகுப்பு இயற்பியலிலிருந்து பொறியியல் படிப்பு வரை திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. நெருக்கினால் அழுத்தம் கூடத்தானே வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே அழுத்தம் குறைகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 10 செ.மீ.; குறுகிய இடத்தில் 5 செ.மீ. அகன்ற பகுதியில் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே பொருத்திய அழுத்தமானி 200 கிலோபாஸ்கல் காட்டுகிறது.

முதலில் வேகம். தண்ணீரைச் சுருக்கி அடைக்க முடியாது. எனவே ஒரு நொடியில் அகன்ற பகுதியைக் கடக்கும் அதே அளவு நீர், குறுகிய பகுதியையும் கடந்தாக வேண்டும். விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. ஆகவே வேகம் நான்கு மடங்காகி நொடிக்கு 8 மீட்டராகிறது. விட்டத்தைப் பார்த்து வேகத்தை இரண்டால் மட்டும் பெருக்குவது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அடுத்தது அழுத்தம். 2 மீட்டர் வேகத்தில் வந்த நீர் 8 மீட்டர் வேகத்துக்கு மாற வேண்டுமானால், அதை ஏதோ ஒன்று முன்னே தள்ள வேண்டும். குழாய் கிடைமட்டமாக இருப்பதால் ஈர்ப்பு விசை உதவாது. பின்னால் இருக்கும் நீர் முன்னோக்கித் தள்ளுகிறது, முன்னால் இருக்கும் நீர் எதிர்த்துத் தள்ளுகிறது. பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தான் வேகம் கூடும். அழுத்தத்தில் உள்ள அந்த வேறுபாடுதான் வேகம் கூடுவதற்குக் காரணம்.

எவ்வளவு குறையும்? ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோ. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 2 ஜூல், 8 மீட்டர் வேகத்தில் 32 ஜூல். கூடுதலாகத் தேவைப்படும் 30 ஜூலும் அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு கிலோபாஸ்கல் என்பது லிட்டருக்கு ஒரு ஜூல். எனவே 30 கிலோபாஸ்கல் குறைந்து, குறுகிய இடத்தில் அழுத்தம் 170 கிலோபாஸ்கல் ஆகிறது. டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த சமன்பாடும் இதையே சொல்கிறது:

p₁ + ½ρv₁² = p₂ + ½ρv₂²

குழாய் மறுபடி அகலும்போது வேகம் தணிந்து, அழுத்தம் பெரும்பாலும் திரும்பி வருகிறது. உராய்வாலும் சுழிப்பாலும் இழந்தது மட்டும் திரும்புவதில்லை.

இப்போது அதே கேள்வியில் குறுகிய விட்டத்தை 2.5 செ.மீ. என்று மாற்றுவோம். வேகம் 16 மடங்காகி நொடிக்கு 32 மீட்டர். அழுத்தம் 510 கிலோபாஸ்கல் குறைய வேண்டும் என்கிறது கணக்கு. நம்மிடம் இருப்பதோ மானி காட்டும் 200, அதோடு காற்று மண்டலத்தின் 100, ஆக ஏறத்தாழ 300 கிலோபாஸ்கல்தான். விடை சுழிக்கும் கீழே போகிறது. சமன்பாடு தவறவில்லை, அந்த இடுக்கு வழியாக அவ்வளவு நீர் ஓடவே முடியாது என்பதுதான் இதன் பொருள். உண்மையில் ஓட்டம் குறைந்துவிடும். அழுத்தம் ஏறத்தாழ 2.3 கிலோபாஸ்கலுக்கு இறங்கினாலே 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நீர் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். அழுத்தம் ஏறும் இடத்தில் அவை உடைந்து குழாயின் உலோகத்தை அரிக்கும். உள்ளே கூழாங்கல் உருள்வது போன்ற ஓசை கேட்டால், இதுதான் நடக்கிறது என்று பொறியாளர்கள் அறிவார்கள்.

ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் விரலில் அழுத்தம் கூடுவதை உணர்கிறோமே? அங்கே ஓடும் நீரின் அளவு மாறாமல் இருப்பதில்லை. விரல் வைத்ததும் ஓட்டம் குறைகிறது. நீண்ட குழாயில் உராய்வால் இழந்துகொண்டிருந்த அழுத்தம் மிச்சமாகி, விரலுக்குப் பின்னால் சேர்கிறது. விரல் உணர்வது இடுக்குக்கு முன் உள்ள அந்த அழுத்தத்தைத்தான். இடுக்கைத் தாண்டி நீர் பீய்ச்சும்போது அதன் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்துக்கு இறங்கி, வேகமாக மாறிவிடுகிறது.

இந்த அழுத்தக் குறைவை அளந்தே ஓட்டத்தைக் கணக்கிடலாம். நம் குழாயில் 30 கிலோபாஸ்கல் வேறுபாடு தெரிந்தால், நொடிக்கு ஏறத்தாழ 15.7 லிட்டர் நீர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயர் தாங்கிய வெஞ்சுரி மானி இந்த முறையில்தான் இயங்குகிறது.

இத்தகைய கேள்வி வந்தால், இரண்டு இடங்களிலும் ஓடும் நீரின் அளவு ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். விடை கிடைத்த பிறகு, காற்று மண்டல அழுத்தத்தையும் கூட்டி, அது சுழிக்கு மேல் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.