வங்கியிடம் சூதாட்டக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

லண்டனிலும் பிரித்தானியாவின் மற்ற நகரங்களிலும் வாழும் நம்மவர்களில் பெட்டிங் கடையாலும் கைப்பேசிச் சூதாட்டத்தாலும் கடன்பட்டவர்கள் இருக்கிறார்கள். கடன் ஆலோசகரிடம் போகலாம் என்று துணிந்த பிறகும் பலருக்கு ஒரு தடை வருகிறது. எவ்வளவு போனது, எந்தக் காலத்தில் போனது என்று ஆலோசகர் கேட்பார். மனதில் இருப்பது கலங்கலான ஒரு தொகை மட்டுமே. வெட்கத்தில் அதையும் குறைத்துச் சொல்வார்கள். அந்தத் தொகையை வைத்துப் போடும் திட்டம் இரண்டு மாதத்தில் உடைந்துவிடும். எனவே வங்கியிடமே கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான உரிமை உங்களுக்கு இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் தேவை.

“என் சூதாட்டச் செலவுகளின் பட்டியலைத் தாருங்கள்” என்று எழுதினால் வங்கி மறுக்கலாம். பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான யுகே ஜிடிபிஆரின் 15ஆவது பிரிவு, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் பிரதியைப் பெறும் உரிமையைத் தருகிறது. இதைத்தான் ‘சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்’ என்கிறார்கள். இருப்பதைத் தரவேண்டிய கடமைதான் வங்கிக்கு உண்டு. இல்லாத பட்டியலை உங்களுக்காகப் புதிதாகத் தயாரிக்க வேண்டிய கடமை இல்லை. ஆகவே வங்கியிடம் ஏற்கெனவே இருப்பதை, அதன் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அங்கே இருப்பது ஒரு நான்கு இலக்க எண். அட்டையால் பணம் வாங்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அதன் வகையைக் காட்டும் எண் ஒன்று உண்டு. பந்தயம், கசினோ போன்றவற்றுக்கான எண் 7995. வங்கிச் செயலியில் ‘கேம்ப்ளிங் புளொக்’ என்ற பொத்தானை அழுத்தினால் பணம் தடைபடுவதும் பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான். நமக்கு வரும் வழக்கமான ஸ்டேட்மென்டில் இது அச்சாவதில்லை. கடிதத்தில் இதைக் கேட்டுவிட்டால் வரிசைப்படுத்தும் வேலையை நீங்களோ ஆலோசகரோ ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.

கடிதத்தை வங்கியின் தரவுப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். முகவரி வங்கியின் தனியுரிமை அறிவிப்பில் இருக்கும். பெயர், முகவரி, கணக்கு எண், சோர்ட் கோட் ஆகியவற்றை எழுதியபின், கடிதத்தின் உடல் இவ்வளவு போதும். இதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

“யுகே ஜிடிபிஆர் 15ஆவது பிரிவின்படி எனது தனிப்பட்ட தரவின் பிரதியைக் கேட்கிறேன். மேற்குறித்த கணக்கில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நடந்த எல்லாப் பரிமாற்றங்களும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, வரவா செலவா என்பது, பணம் பெற்றவர் அல்லது அனுப்பியவர் பெயர், பணம் சென்ற முறை, வியாபார வகை எண் ஆகியவை இருக்க வேண்டும். விரிதாளாகத் திறக்கக்கூடிய கோப்பாக, பாதுகாப்பான மின்வழியில் அனுப்பவும். கடன் ஆலோசகரிடம் காட்டுவதற்காக இது தேவைப்படுகிறது.”

கடைசி வரி கட்டாயமல்ல. காரணம் சொல்லாமலும் கேட்கலாம். அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மன்னிப்போ, எப்படி ஆரம்பித்தது என்ற கதையோ, எவ்வளவு தோற்றேன் என்ற மதிப்பீடோ அந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. பணச் சிக்கலில் இருக்கும் வாடிக்கையாளரைப் பரிவோடு நடத்த வேண்டும் என்பது நிதி நடத்தை ஆணையத்தின் விதி. ஆகவே நிலைமையை வங்கியிடம் சொல்வதால் நன்மை உண்டு. ஆனால் அது தனிப் பேச்சு. அதை எப்போது, எப்படிச் சொல்வது என்று முதலில் ஆலோசகரிடம் கதையுங்கள்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் கடன் வைத்திருக்கும் அதே வங்கியில்தான் சம்பளமும் விழுகிறது என்றால், தவணை தவறிய கடனுக்காக உங்கள் நடப்புக் கணக்கிலிருந்து வங்கி பணம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் கடன் இல்லாத வேறொரு வங்கியில் சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றிவிடும்படி ஆலோசகர்கள் பலரும் சொல்வார்கள்.

வங்கி உங்கள் அடையாளத்தை உறுதிசெய்யக் கேட்கலாம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டலாம், ஆனால் அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். வந்ததில் வகை எண் இல்லாமல் வழக்கமான ஸ்டேட்மென்டே இருந்தால், “நான் கேட்ட வகை எண் விடுபட்டுள்ளது” என்று ஒரே வரியில் மறுபடி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வங்கியிடம் முறைப்பாடு செய்துவிட்டு, ஐசிஓ எனப்படும் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்குப் போகலாம். ஆலோசகரின் சந்திப்பை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். செயலியில் இறக்கக்கூடிய ஸ்டேட்மென்டோடு போய்விட்டு, இதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்கு வந்தபின் என்ன செய்வது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்ப்போம். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் ஒரு தம்பி 14 மாதக் கணக்கை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 7995 என்ற எண்ணை வடிகட்டியதும் 7,840 பவுண் வெளியே போனது தெரிகிறது. அத்தோடு நிறுத்தினால் அது தவறான கணக்கு. வென்ற பணமாகத் திரும்பி வந்ததையும் எடுக்க வேண்டும். அது சில வேளை அட்டைக்கே திரும்பும், சில வேளை நேரடி வங்கிப் பரிமாற்றமாக வரும். நேரடிப் பரிமாற்றத்துக்கு வகை எண் கிடையாது. நிறுவனத்தின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். அந்தப் பெயரும் விளம்பரத்தில் பார்த்த பெயராக இராமல், அதற்குப் பின்னால் உள்ள கம்பனியின் பெயராக இருக்கக்கூடும். தேடியதில் 2,260 பவுண் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்து, மின்பணப்பை ஒன்றுக்கு 1,950 பவுண் போயிருக்கிறது. அங்கிருந்து எங்கே போனது என்பது வங்கிக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பணப்பை நிறுவனத்துக்கும் இதே கடிதத்தை அனுப்ப வேண்டும். அதன் கணக்கு வந்தபோது 1,700 பவுண் ஒரு கசினோவுக்குப் போனதும், மிச்சம் சாதாரணச் செலவு என்பதும் தெரிகிறது. பெட்டிங் கடையில் காசாகக் கொடுத்தது எந்தப் பதிவிலும் இராது. கடைக்கு அருகில் உள்ள ஏடிஎம்மில் எடுத்த தொகைகளைக் குறித்து, சுமார் 900 பவுண் என்று எழுதி, ‘மதிப்பீடு’ என்று பக்கத்தில் போடுகிறார். மொத்தம் போனது 10,440. திரும்பியது 2,260. இழப்பு 8,180 பவுண். சூதாட்ட நிறுவனங்களுக்கும் இதே உரிமையின்படி எழுதிக் கேட்டால் அவர்களின் பதிவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆலோசகருக்கு இந்த மொத்தத்தைவிடத் தேதிகள் முக்கியம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடனிலிருந்து வெளிவர உள்ள வழிகளில் ஒன்று கடன் நிவாரண ஆணை. மொத்தக் கடன் 50,000 பவுணுக்கு உட்பட்டு, சொத்தும் மிச்ச வருமானமும் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு அது கிடைக்கும். 2024 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணமும் இல்லை. மற்றொன்று திவால் மனு. சூதாட்டக் கடன் என்பதற்காக இந்த வழிகள் அடைபடுவதில்லை. ஆனால் சூதாட்டத்தால் நிலைமை மோசமானது என்று அதிகாரிகள் கண்டால், நிதிக் கட்டுப்பாடுகளை 2 முதல் 15 ஆண்டுகள் வரை நீட்டக் கேட்கலாம். அந்தத் தம்பி ஒரு தனிநபர் கடன் வாங்கி இரண்டாம் நாளே 1,800 பவுணைப் பந்தயத்தில் விட்டிருந்தால், அது முதலிலேயே ஆலோசகருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் எந்த வழி, எப்போது என்று யோசித்துச் சொல்வார். மனு போட்டபின் அதிகாரி கண்டுபிடித்தால் மறைத்த குற்றமும் சேர்ந்துவிடும். அதனால் சூதாட்ட வரிகளை மட்டும் வெட்டிக் காட்டாமல் முழு ஸ்டேட்மென்டையும் கூடவே கொடுங்கள்.

நம்மவர்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மாமாவிடம் வாங்கியதையும் சீட்டுக் கட்ட வேண்டியதையும் முதலில் கொடுத்துவிட்டு, வங்கிக் கடனைப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பது நமக்கு இயல்பு. பிற்பாடு திவாலானால், அதற்கு முந்திய 2 ஆண்டுகளில் நெருங்கிய உறவினருக்கு முன்னுரிமை கொடுத்துத் திருப்பிய பணத்தை அவர்களிடமிருந்து திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. உதவிய மாமாவையே வழக்கில் இழுத்துவிடும் செயல் அது. உறவுக் கடனையும் பட்டியலில் சேருங்கள். ஆலோசகரைப் பார்க்கும்வரை பெரிய தொகை எதையும் யாருக்கும் திருப்ப வேண்டாம்.

மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் அந்தப் பரிமாற்றங்களை அவரும் பார்க்கலாம் என்பதையும், தபாலில் வரும் உறையை வீட்டில் வேறு யாரும் திறக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். ஆங்கிலத்தில் எழுத உதவி தேவையென்றால் நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். ஆனால் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை எவரிடமும் கொடுக்க வேண்டாம். “கடனை இல்லாமல் ஆக்கித் தருகிறேன்” என்று முன்பணம் கேட்பவர்களை விட்டு விலகுங்கள். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை இலவசமாகவே ஆலோசனை தருகின்றன. தகுதியுள்ளவர்களுக்குக் கடன்காரர்களின் நெருக்கடியையும் வட்டியையும் 60 நாள் நிறுத்திவைக்கும் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்ற சட்டப் பாதுகாப்புக்கும் ஆலோசகர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

கடிதம் அனுப்பும் அன்றே வங்கிச் செயலியில் சூதாட்டத் தடையைப் போட்டு, கேம்ஸ்டொப்பிலும் பதிந்துவிடுங்கள். பிரித்தானிய உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்டத் தளங்களும் கேம்ஸ்டொப்பில் பதிந்தவரை அனுமதிக்காமல் இருக்கக் கட்டுப்பட்டவை. கடனைப் பற்றிக் கேட்க நேஷனல் டெப்ட்லைன்: 0808 808 4000. சூதாட்டத்தைப் பற்றிக் கதைக்க 24 மணி நேர தேசிய உதவி எண்: 0808 8020 133. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.