ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே தெளிவான படம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வள்ளியூர் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலையும் காற்றாலைகளும் கூடவே வரும். ஏசி பெட்டியிலிருந்து செல்போனில் படம் எடுத்தால், மலைமேல் பெட்டியின் விளக்கும் நம் சட்டையும் மிதக்கும். தண்டவாள ஓரத்து மரங்கள் கோடுகளாக இழுபடும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஏசி பெட்டியின் இரட்டைக் கண்ணாடியில் நான்கு பரப்புகள். வெளியே நல்ல வெயில் இருந்தால் இந்தப் பிரதிபலிப்பு அமுங்கிவிடும். மலையின் நிழல் பக்கம் வந்தாலோ பொழுது சாய்ந்தாலோ உள்ளே இருக்கும் வெளிச்சம் முந்திக்கொள்ளும். ஆகவே லென்ஸைக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நேராகப் பிடித்து, இடைவெளியைக் கறுப்புத் துணியால் சுற்றி மூட வேண்டும். சாய்த்துப் பிடித்தால் துணிக்குள் ஒளி புகுவதோடு, பிரதிபலிப்பு இரட்டையாகவும் விழும். போனைக் கண்ணாடியில் அழுத்தவே கூடாது. பெட்டியின் அதிர்வு நேரே படத்தில் இறங்கிவிடும்.

அடுத்தது வேகம். மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் ரயில் ஒரு நொடியில் 20 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சாதாரண 12 மெகாபிக்சல் படத்தில், 500 மீட்டர் தள்ளியிருக்கும் காற்றாலைக் கம்பம் இதனால் ஒரு பிக்சல் அளவே கலங்கும், கண்ணுக்குத் தெரியாது. 10 மீட்டரில் நிற்கும் பனை மரமோ ஐம்பது பிக்சலுக்கு மேல் இழுபடும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/1000 ஆக்கினால் அதே பனை ஐந்தாறு பிக்சலோடு தப்பிக்கும். மாலையில் அவ்வளவு வெளிச்சம் இருக்காது. 1/250 வைத்துக்கொண்டு, பக்கத்துப் பொருளை விட்டுத் தூரத்து மலையை மட்டும் குறிவைப்பது நல்லது. ப்ரோ மோட் இல்லாத போனில் வெயில் நேரமே நம்பகமானது. நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் ஓடும் ரயிலில் உதவாது.

எடுத்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அருகிலுள்ளவை மட்டும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. தூரத்து மலைமுகடும் சேர்ந்து கலங்கியிருந்தால் கை அதிர்ந்திருக்கிறது. முழங்கையை ஜன்னல் சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணாடித் தூசி தெளிவாகவும் மலை மங்கலாகவும் தெரிந்தால் ஃபோகஸ் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. திரையில் மலைமேல் விரலைச் சில நொடிகள் வைத்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பக்கத்து மின்கம்பங்கள் சாய்ந்து தெரிந்தால் மட்டும் ஷட்டரைக் கூட்டிப் பயனில்லை. சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் சாய்வு அது. ரயில் மெதுவாகும்வரை காத்திருப்பதுதான் வழி.