கோடு ஏறும் இடத்தில் அடுத்த வீடியோ

யூடியூப் ஸ்டூடியோவில் ஏதாவது ஒரு வீடியோவின் அனலிட்டிக்ஸைத் திறந்தால், இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போகும் கோடு ஒன்று தெரியும். வீடியோவின் ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை சதவீதப் பார்வைகள் தொட்டிருக்கின்றன என்பதுதான் அந்தக் கோடு. சேனல் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அது எங்கே விழுகிறது என்றுதான் கவலையோடு பார்க்கிறார்கள். நடுவில் அது திடீரென்று ஏறி இறங்கும் மேட்டைக் கவனிக்காமல் விடுகிறார்கள். எனக்கு அந்த மேடுதான் முக்கியம். அடுத்து என்ன வீடியோ எடுக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கக்கூடும்.

பாதியில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கும்போது கோடு எப்படி ஏறும்? ஒருவர் பின்னால் இழுத்து அதே இடத்தை இரண்டாம் முறை பார்த்தால், அதுவும் கணக்கில் சேரும். அதனால்தான் சில வீடியோக்களின் தொடக்கத்தில் கோடு 100 சதவீதத்தையும் தாண்டி நிற்கிறது. வீடியோவை நிறுத்திவைத்து யோசித்தால் கோடு உயராது. திரும்ப ஓடவிட்டால்தான் உயரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 20 நிமிடத்தில் ஜாக்கெட் கட்டிங் சொல்லித்தரும் வீடியோ. 5,000 பார்வைகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். யூடியூப் ஒரு வீடியோவை 100 சம துண்டுகளாக்கி அளப்பதால், இங்கே ஒரு துண்டு 12 விநாடி. பதினோராவது நிமிடத்தில் கோடு 36 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. 11:24-இல் ஏறத் தொடங்கி 52-ஐத் தொட்டு, 12:12-க்குள் மறுபடி 35-க்கு வந்துவிடுகிறது. 36 சதவீதம் என்றால் 1,800 பார்வைகள். 52 என்றால் 2,600. உச்சியில் கூடுதலாக வந்த 800 பார்வைகள் எங்கிருந்து வந்தன?

இரண்டு வழிகள் உண்டு. முன்னுரையையும் அளவெடுப்பதையும் தாண்டிக் குதித்து வந்தவர்களாக இருந்தால், மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். ஏறிய கோடும் சட்டென்று இறங்காமல் கொஞ்ச தூரம் உயரத்திலேயே போகும். பார்த்தவர்களே திரும்பப் பார்த்திருந்தால், முன்னால் பள்ளம் இருக்காது. மேடு முடிந்ததும் கோடு பழைய சரிவிலேயே போய்ச் சேரும். நம் உதாரணம் இந்த இரண்டாவது வகை. ஆனால் யாராவது அந்த நிமிடத்தைக் குறிப்பிட்டு இணைப்பைப் பகிர்ந்தாலும் மேடு வரலாம் என்பதால், வடிவத்தை மட்டும் நம்பாமல் கமென்ட்டுகளில் அந்த நேரத்தை யாராவது எழுதியிருக்கிறார்களா என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு வீடியோவையே போட்டுப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. மேட்டுக்குப் பதினைந்து விநாடி முன்னாலிருந்து, முதன்முறை கட்டிங் கற்கிற ஒருவரின் கண்ணோடு பார்க்க வேண்டும். 11:24-இல் முன்பக்கத் துணியில் கைக்குழி வரையப்படுகிறது. பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் அரை இஞ்ச் அதிகமாகக் குழித்து வெட்ட வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, டீச்சர் கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார். சாக்பீஸ் கோட்டை அவர் கை மறைத்திருந்தாலோ, அளவைச் சொல்லும்போது ஃபேன் சத்தம் கேட்டாலோ, அது படப்பிடிப்பின் குறை. அந்த அளவைப் பின் செய்த கமென்ட்டில் எழுதினால் போதும், தனி வீடியோ வேண்டாம். கோடும் சத்தமும் தெளிவாக இருந்தும் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. ஏன் அரை இஞ்ச்? வளைவு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது? குழிக்காமல் விட்டால் அக்குளுக்கு முன்னால் எப்படிச் சுருக்கம் விழும்? ஒரு நிமிடத்துக்குள் அடைக்கப்பட்ட இந்த மூன்று கேள்விகளும் எட்டு நிமிட வீடியோவுக்குத் தாராளமாகப் போதும்.

அந்த 48 விநாடியை அப்படியே வெட்டிப் புது வீடியோவாகப் போடுகிறவர்கள் உண்டு. அது தவறு என்பேன். அதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தவருக்கு மூன்றாம் முறை காட்டுவதில் என்ன பயன்? சரியாகக் குழித்த ஜாக்கெட்டையும் குழிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டலாம். தலைப்புக்குக் கமென்ட்டில் வந்த சொற்களையே எடுக்கலாம். 'கைக்கிட்ட சுருக்கம் வருது' என்று பத்துப் பேர் எழுதியிருந்தால், தேடுகிறவர்களும் அப்படித்தான் தேடுவார்கள்.

குறைந்த பார்வைகளில் இதையெல்லாம் செய்யக் கூடாது. 120 பார்வைகள் வந்த வீடியோவில் 6 சதவீத மேடு என்பது ஏழே பார்வைகள். இரண்டு பேர் மூன்று நான்கு முறை இழுத்துப் பார்த்தாலே வந்துவிடும். பார்வைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகும் மேடு அதே இடத்தில் நின்றால்தான் நம்பலாம்.

புது வீடியோ வெளியானதும் பழையதில் 12:12-ஐ ஒட்டி அதற்கு ஒரு கார்டு போடுங்கள். திரும்பப் பார்த்து முடிக்கிறவரின் கண் அப்போது அங்கேதான் இருக்கும். பிறகு புது வீடியோவின் கோட்டையும் திறந்து பாருங்கள். முன்பக்கத்தைக் குழிக்கும் இடத்தில் அங்கேயும் மேடு எழுந்தால், கேமராவை இன்னும் துணிக்கு அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.