ஆடிக் காற்று, ஐப்பசி மழை, கீரிப்பிள்ளை... மூன்றையும் தாங்கும் கோழிக்கூண்டு செய்வது எப்படி?

கொங்குப் பக்கம் நாலு கோழி வைத்திருப்பவர்கள் கொடாப்பைப் போட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இப்போது பலரும் கூண்டுக்கு மாறிவிட்டார்கள். ஆனால், கூண்டு பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் காலை வாரும். ஒன்று, கூரை ஷீட்டுகள் சேரும் இடம். இன்னொன்று, கதவுத் தாழ்ப்பாள்.

ஐந்தாறு நாட்டுக்கோழிகள் இரவில் அடைய 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். முதலில் திசையைப் பாருங்கள். கோவைக்கு ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து வரும். அதனால் கம்பிவலை முகப்பு தெற்கே இருக்கட்டும். மற்ற மூன்று பக்கமும் பலகை அடியுங்கள். முன்பக்கத்தைவிட பின்பக்கம் அரை அடி தாழ்ந்திருந்தால், தண்ணீர் வாசலில் சொட்டாமல் வடக்கே வடிந்துவிடும்.

கூரை எல்லாப் பக்கமும் அரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். அதற்கு 5 அடிக்கு 4 அடி ஷீட் தேவை. நெளி ஷீட் மூன்றரை அடி அகலம்தான் என்பதால், இரண்டைச் சேர்த்தாக வேண்டும். கிழக்கு ஷீட்டை முதலில் வைத்து, மேற்கு ஷீட்டை அதன்மேல் இரண்டு நெளி அளவுக்கு ஏற்றிப் போடுங்கள். மாற்றிப் போட்டால் மேற்குக் காற்று விளிம்புக்கடியில் புகுந்து மழையையும் உள்ளே தள்ளிவிடும். ஐப்பசிச் சாரலுக்காக இரண்டு ஷீட்டுக்கும் நடுவே பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். ஸ்க்ரூவை எப்போதும் நெளியின் மேட்டில், ரப்பர் வாஷரோடு போடுங்கள். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே ஓட்டை போட்டால் ஒழுகத்தான் செய்யும். வாஷர் பிதுங்கும்வரை முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூண்டுக்குள் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, இணைப்பின் மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். பேப்பரில் ஈரப்புள்ளி விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள். கூண்டுக்குள் ஈரம் தங்கினால் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.

அடுத்து கதவு. ஒற்றைத் தாழ்ப்பாள் காற்றில் ஆடி ஆடித் தானாக நழுவும். அது நிலைத்தாலும், கீரி கதவின் கீழ்மூலையைத்தான் நெம்பும். அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போடுங்கள். மேலே தாழ்ப்பாள், கீழே கொண்டியும் நாதாங்கியும். நாதாங்கியில் சின்னப் பூட்டோ, ஸ்ப்ரிங் கொக்கியோ மாட்டிவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் கழன்று வராது. மாட்டிய பிறகு கீழ்மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கட்டைவிரல் நுழையும் இடைவெளி வந்தால், கீல் பக்கத்தையும் சேர்த்து இறுக்க வேண்டும்.

வலை விஷயத்தில் ஏமாறாதீர்கள். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியையும் நாயையும் நம்பகமாகத் தடுக்காது. முகப்புக்கும் தரைக்கும் அரை இஞ்ச் வெல்டு மெஷ் வாங்குங்கள். கூண்டை இரண்டடி கால்மேல் நிறுத்திவிட்டால், மண்ணைத் தோண்டி உள்ளே வரவும் வழியில்லை.