எந்தத் தேதியில் எந்த டெஸ்ட்?

கருத்தடை எதுவும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உறவு கொள்ளும் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் கரு தங்கிவிடும். மீதிப் பேரில் ஏறக்குறைய பாதிக்கு அடுத்த ஆண்டில் தங்கும். ஆகவே ஓராண்டு கடந்துவிட்டால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. காரணத்தைத் தேடிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த ஓராண்டுக் கணக்கு சேர்ந்து வாழ்ந்த மாதங்களுக்கு மட்டும்தான். கணவர் துபாயில் இருந்து ஒரு மாத லீவில் வந்து போனார் என்றால், கணக்கில் சேர்வது அந்த ஒரு மாதமே. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். 40 தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், விலக்கின்போது தாங்க முடியாத வலி வருபவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், அடிவயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் முன்னதாகவே போகலாம். சிறுவயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களும் அப்படித்தான்.

முதல் நாள் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் மனைவிக்கு எல்லா டெஸ்டும் முடிந்த பிறகுதான் கணவரின் முறை வருகிறது. உண்மையில் எளிமையானதும் செலவு குறைந்ததும் விந்துப் பரிசோதனைதான். அதற்கு இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால், குளிர் படாமல் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் உயிரணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மனைவிக்கான டெஸ்டுகள் தேதியைப் பொறுத்தவை. விலக்கு தொடங்கிய இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.ஹெச். போன்ற ஹார்மோன்களைப் பார்ப்பார்கள். தைராய்டை எந்த நாளிலும் பார்க்கலாம். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருப்பையும் சினைப்பைகளும் தெரியும். முட்டை வெளிவந்ததா என்று அறிய, அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்னால் புரோஜெஸ்டிரான் பார்க்க வேண்டும்.

தேதி தவறினால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 29 வயது, 35 நாளுக்கு ஒருமுறை விலக்கு. 21-ஆம் நாளில் எடுத்த புரோஜெஸ்டிரான் 0.8. ‘முட்டையே வரவில்லை’ என்று வீட்டில் கலக்கம். ஆனால் 21-ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. இவருக்கு முட்டை வெளிவருவதே ஏறக்குறைய அன்றுதான். அடுத்த மாதம் 28-ஆம் நாளில் எடுத்தபோது 11 வந்தது. 3-க்கு மேல் இருந்தாலே முட்டை வெளிவந்துவிட்டது என்று பொருள்.

கணவரின் ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு 90 லட்சம் உயிரணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். விசாரித்தபோது, ஆறு வாரம் முன்பு அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது தெரிந்தது. உயிரணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இடையில் வந்த காய்ச்சலின் பாதிப்பு வாரக்கணக்கில் கழித்தும் தெரியும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது 3 கோடியே 80 லட்சம் இருந்தது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

இவ்வளவுக்குப் பிறகு கருக்குழாய் டெஸ்ட். விலக்கு நின்றபின், பத்தாம் நாளுக்குள், அந்த மாதம் உறவு கொள்ளாமல் வரச் சொல்வார்கள். கருப்பை வாய் வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து இரு பக்கமும் வழிந்தால் குழாய் திறந்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு விலக்கு வலி போலச் சுண்டி இழுக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் குழாயின் தொடக்கம் இறுகிக்கொண்டால், அடைப்பு இல்லாமலே அடைப்பு போலத் தெரியும். அங்கே அடைப்பு என்று வந்தால், சிகிச்சைக்கு முன் இன்னொரு முறை உறுதிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஏ.எம்.ஹெச். என்ற டெஸ்ட் பலரைப் பயமுறுத்துகிறது. மீதமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் அது ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. சோதனைக் குழாய் சிகிச்சையில் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும். அது குறைவு என்பதற்காக இயற்கையாகக் கரு தங்காது என்று முடிவு கட்ட முடியாது.

டாக்டரிடம் போகும்போது கடைசி ஆறு மாத விலக்குத் தேதிகளையும் இருவரின் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். எந்த டெஸ்டை எந்த நாளில் வைப்பது என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.