கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் வந்த கட்டி

அட்ரினல் கட்டி என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பதற வேண்டாம். சும்மாவும் இருந்துவிட வேண்டாம்

கல்வராயன்மலை வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து 56 வயதுப் பெண் ஒருவர் விலாவலியோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இருக்கிறது, சிறியது, தானே போய்விடும். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: இடது அட்ரினல் சுரப்பியில் 2.6 சென்டிமீட்டர் கட்டி. தேடிப்போன இடத்தில் கல், தேடாத இடத்தில் கட்டி. இது அபூர்வமான சங்கதி அல்ல. முப்பது வயதுக்குக் கீழே நூற்றில் ஒருவருக்குக்கூட இப்படி ஒன்று தென்படுவதில்லை. எழுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை தென்படுகிறது. ஸ்கேன் பெருகப் பெருக இந்தக் கடைசி வரியும் பெருகும். வந்தபின் வீட்டில் எழும் முதல் கேள்வி, எவ்வளவு பெரியது என்பதுதான். என் வாதம், அது பின்னால் கேட்க வேண்டிய கேள்வி என்பது. கட்டி புற்றா என்பதற்கான விடை பெரும்பாலும் அதே ஸ்கேனுக்குள்ளேயே கிடக்கிறது. அது ஹார்மோன் சுரக்கிறதா என்பதற்கான விடையின் பெரும்பகுதி இரண்டு மாத்திரையிலும் ஒரு காலை நேர இரத்தப் பரிசோதனையிலும் கிடைத்துவிடும். இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் சிலர் வீணாகக் கத்திக்குப் போகிறார்கள், வேறு சிலர் போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இல்லாத எண்

சிறுநீரகங்களின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிறு சுரப்பிகள் கார்டிசால் முதலிய ஹார்மோன்களைக் கொழுப்பிலிருந்துதான் தயாரிக்கின்றன. ஆகவே சுரப்பியின் வெளிப்பகுதியில் வளரும் சாதுவான கட்டிகளில் பெரும்பாலானவற்றின் செல்களுக்குள் கொழுப்பு நிறைந்திருக்கும். கொழுப்பு எக்ஸ்ரே கதிரை அதிகம் மறிக்காது. சி.டி. எந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் தருகிறது. அதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று பெயர். அந்த அளவுகோலில் தண்ணீர் 0, கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. கட்டி முழுதும் ஒரே சீராக இருந்து, அடர்த்தி 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது சாதுவான கட்டி. எத்தனை சென்டிமீட்டர் ஆனாலும் மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2023-இல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 14 மையங்களில் 2000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், அட்ரினல் புற்று என்று உறுதியான கட்டிகளில் ஒன்றுகூட இந்த 10 என்ற கோட்டுக்குள் வரவில்லை.

இங்கேதான் நம் நோயாளிக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கல்லுக்கு எடுக்கும் ஸ்கேன் வழக்கமாக மருந்து ஏற்றாத பிளெயின் ஸ்கேன். அடர்த்தியை அளக்க வேண்டியதும் பிளெயின் ஸ்கேனில்தான். கான்ட்ராஸ்ட் ஏற்றியபின் சாதுவான கட்டியும் 60, 70 என்று காட்டும், அந்த எண்ணுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஆனாலும் பல ரிப்போர்ட்டுகளில் கட்டியின் அளவு இருக்கும், அடர்த்தி இருக்காது. கையில் கொடுத்தனுப்பும் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கணினியில் உள்ள அசல் படத்தில், கட்டியின் விளிம்பைத் தொடாமல் அதன் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும் ஒரு வட்டம் போட்டால் எண் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. விளிம்பைத் தொட்டு வட்டம் போட்டால் சுற்றியுள்ள கொழுப்பும் கணக்கில் சேர்ந்து எண்ணைப் பொய்யாகக் குறைத்துவிடும். ஆகவே இரண்டாவது ஸ்கேனுக்குக் காசு கட்டுவதற்கு முன், எடுத்த ஸ்கேனின் குறுந்தட்டையோ கணினிக் கோப்பையோ கேட்டு வாங்கி, அடர்த்தியை எழுதித் தரச் சொல்வதுதான் முதல் வேலை. நம் உதாரணத்தில் அது 6 என்று வருகிறது. புற்றுக் கேள்வி இத்துடன் முடிந்தது.

எண் 10-ஐத் தாண்டினால் புற்று என்று அர்த்தமா? இல்லை. சாதுவான கட்டிகளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் கொழுப்பு குறைவு. அவை 15, 25 என்றும் காட்டும். 11 முதல் 20-க்குள், சீராக, 4 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடனே வேறு வகை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், அல்லது ஒரு வருடம் கழித்து மறுபடி படமெடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். 20-ஐத் தாண்டி, 4 சென்டிமீட்டரையும் தாண்டி, உள்ளே திட்டுத்திட்டாக இருந்தால் காலம் கடத்தக் கூடாது. அட்ரினல் புற்று வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் அளவுக்கு அரிது. ஆனால் வந்தால் பொல்லாதது, முதல் அறுவை சிகிச்சையிலேயே சிதறாமல் முழுதாக எடுப்பதைப் பொறுத்தே பிழைப்பு. கட்டியின் அளவு முக்கியமாவது இந்தக் கட்டத்தில்தான்.

ஊசி போட்டுப் பார்த்தால் என்ன?

சந்தேகம் என்றால் பயாப்சி எடுத்துத் தெளிவாகிவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். மார்பகத்திலும் கழுத்திலும் அது பயன்படுகிறது. அட்ரினலில் பயன்படாததற்குக் காரணம் உண்டு. ஊசியில் வரும் சிறு துணுக்கை வைத்து, சுரப்பியில் பிறந்த சாதுவான கட்டியையும் அங்கேயே பிறந்த புற்றையும் நோய்க்குறியியல் நிபுணராலும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. அதோடு, கட்டி ஃபியோக்ரோமோசைட்டோமா என்கிற அட்ரினலின் சுரக்கும் வகையாக இருந்தால், ஊசி பட்டதும் பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியானால் எதற்கும் எடுத்தே விடலாமே என்றால், மயக்க மருந்தும் அறுவையும் இலவசமாக வருவதில்லை. எதுவும் செய்யாத கட்டியை எடுப்பதால் நோயாளிக்குக் கிடைப்பது தழும்பு மட்டும்தான்.

இரண்டு மாத்திரை, ஒரு காலை

புற்றில்லை என்றதும் ஃபைலை மூடிவிடுவது அடுத்த தவறு. சாதுவான கட்டியும் சத்தமில்லாமல் கார்டிசால் சுரக்கலாம். முகம் வட்டமாவது, வயிற்றில் ஊதா வரிகள் விழுவது போன்ற அடையாளங்கள் இல்லாமலே சர்க்கரை, பி.பி., முதுகெலும்பு முறிவு ஆகியவை அதிகமாக வரும். அதனால் இப்படிக் கட்டி தென்பட்ட எல்லோருக்கும் ஒரு பரிசோதனை உண்டு. இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம், அதாவது அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு. மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் இரத்தத்தில் கார்டிசால். ஒழுங்கான சுரப்பி அந்த மாத்திரைக்குக் கட்டுப்பட்டுச் சுரப்பதை நிறுத்திவிடும், அளவு 1.8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே வரும். கட்டுப்படாத கட்டி தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். நம் நோயாளிக்கு 3.4 என்று வருகிறது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலில், மாத்திரையை உண்மையிலேயே போட்டாரா, அந்த நேரத்துக்குத்தான் போட்டாரா என்று கேட்க வேண்டும். காச நோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை இரத்தத்தில் கார்டிசால் கணக்கை ஏற்றிக் காட்டும். கடுமையான குடியும் அதையே செய்யும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் பிரெட்னிசலோன் இருந்தால், சில ஆய்வகக் கருவிகள் அதையும் கார்டிசால் என்றே எண்ணிவிடும். இவை எதுவும் இல்லை என்றால் அடுத்தது ஏ.சி.டி.எச். பரிசோதனை. பிட்யூட்டரி அனுப்பும் இந்த ஏவல் ஹார்மோன் குறைந்திருந்தால், ஏவல் இல்லாமலே கட்டி சுரக்கிறது என்று பொருள். மலைவாசிகள் விஷயத்தில் தவறு நடப்பது இங்கேதான். கார்டிசாலுக்கு எடுத்த இரத்தத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். மலையிலேயே எடுத்துக் கீழே அனுப்பலாம். ஏ.சி.டி.எச். அப்படியல்ல. ஐஸில் வைத்து உடனே பிரிக்காவிட்டால் சிதைந்துபோகும். வெயிலில் மலைப்பாதை இறங்கி வந்த மாதிரியில் அது பொய்யாகக் குறைந்து காட்டும், அந்தப் பொய் நாம் சந்தேகித்த நோய்க்கு அச்சாகப் பொருந்தியும் விடும். எனவே அந்த ஒரு பரிசோதனைக்கு மட்டும் நோயாளியையே ஆய்வகத்துக்கு வரச் சொல்வது நல்லது.

மற்ற ஹார்மோன்களை ஆளுக்குத் தக்கபடி பார்த்தால் போதும். பி.பி. இருந்தாலோ பொட்டாசியம் குறைந்திருந்தாலோ ஆல்டோஸ்டீரோனையும் ரெனினையும் பார்க்க வேண்டும், இவருக்கு பி.பி. இருப்பதால் அது தேவை. அட்ரினலின் சுரக்கும் கட்டியைக் கண்டுபிடிக்க உதவும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை, அடர்த்தி 10-ஐத் தாண்டியவர்களுக்குக் கட்டாயம். அதைப் பார்க்காமல் அறுவை மேசைக்கு அனுப்பினால் மயக்க மருந்தின் நடுவில் பி.பி. வெடிக்கலாம். ஆனால் இவருடைய எண் 6. அப்படிப்பட்ட கட்டி அந்த வகையாக இருப்பதில்லை என்பதால், 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துச் சுமந்து வரும் பாடு இவருக்கு மிச்சம்.

எடுப்பதா, விடுவதா?

இனி முடிவு. அடர்த்தி 6, கார்டிசால் 3.4, ஏ.சி.டி.எச். குறைவு, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. இப்படிப்பட்டவருக்குக் கட்டியை எடுப்பதைப் பற்றிப் பேசலாம், எடுத்தபின் பி.பி. பலருக்குக் குறைகிறது, சர்க்கரையில் பலன் அவ்வளவு நிச்சயமில்லை. மிதமாகச் சுரக்கும் இத்தகைய கட்டி முழு குஷிங் சிண்ட்ரோமாக மாறுவது மிக அரிது என்பதால் அவசரமும் இல்லை. ஒரே மாத்திரையில் பி.பி. அடங்குகிறவரை விட்டுவிடலாம், நான்கு மாத்திரைக்கும் அடங்காதவருக்கு எடுக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் சம்மதம் வாங்கக் கூடாது. கட்டி சுரந்துகொண்டிருந்த காலமெல்லாம் மறுபக்கச் சுரப்பி வேலையில்லாமல் தூங்கியிருக்கும். அது விழிக்கப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் சில மணி நேரத்தில் ஊசி போட்டாக வேண்டும். ஜிப்மரிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ அறுவை முடிந்து வீடு திரும்பும் மலைவாசிக்கு, அந்த ஊசி மருந்து அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இருக்கிறதா, இரவில் யார் போடுவார்கள் என்பதெல்லாம் அறுவைக்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்விகள்.

ஐரோப்பியக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா என்ற ஆட்சேபம் கடைசியாக வரும். ஓரிடத்தில் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு பக்கச் சுரப்பிகளும் ஒருசேர வீங்கியிருந்தால், இந்தியாவில் காச நோயையும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையையும் நினைத்தே ஆக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு உடல் மெலிவு, அசதி, தோல் கறுப்பது இருந்தால், ஹார்மோன் அதிகமா என்பதற்கு முன்னால் குறைவா என்று பார்க்க வேண்டும். மாத்திரை எதுவும் தராமல் காலை 8 மணிக் கார்டிசால். குறைவைக் கவனிக்காமல் ரிஃபாம்பிசின் தொடங்கினால் மிச்சமிருக்கும் கார்டிசாலும் கரைந்து நோயாளி சரிந்துவிடுவார். பயாப்சிக்கு நியாயமான ஓர் இடம் இருப்பதும் இங்கே, மெட்டாநெஃப்ரின் சரியாக இருக்கிறது என்று பார்த்தபிறகு. ஒரு பக்கக் கட்டிக்கோ அந்தக் கணக்கு கள்ளக்குறிச்சியிலும் அப்படியே செல்லும், ஏனென்றால் கட்டிக்குள் இருக்கும் கொழுப்புக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. பிளெயின் ஸ்கேனில் அடர்த்தி எவ்வளவு, கட்டி சீரானதா, மாத்திரைக்குப் பின் கார்டிசால் எவ்வளவு: இந்த மூன்றும் ஒரு தாளில் எழுதப்படாதவரை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதிலும் பொருளில்லை, பயப்படாதே என்று வீட்டுக்கு அனுப்புவதிலும் பொருளில்லை.