முதலில் வாங்கியதே முதலில் விற்கும்

சிங்கப்பூரில் யூனிட் டிரஸ்டை விற்றால் தனிநபருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அந்தப் பழக்கத்திலேயே ஊரில் போட்ட மியூச்சுவல் ஃபண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுப்பவர்கள் நம்மிடையே நிறைய. ஆனால் இந்தியாவில் கணக்கு வேறு. அங்கே, நீங்கள் எந்த யூனிட்டை விற்கிறீர்கள் என்பதை நீங்கள் சொல்ல முடியாது. வரிசையில் முதலில் வந்தது முதலில் வெளியேறும்.

செந்தோசாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு பங்குச் சந்தை ஃபண்டில் மூன்று முறை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் 50 ரூபாய் விலையில் 1,000 யூனிட். 2024 அக்டோபரில் 70 ரூபாயில் இன்னொரு 1,000. 2025 மார்ச்சில் 68 ரூபாயில் 500. தங்கை திருமணத்துக்காக 2025 ஆகஸ்டில் 80 ரூபாய் விலையில் 1,500 யூனிட்டை விற்கிறார்.

பலரும் சராசரி விலை போட்டுப் பார்ப்பார்கள். அது 61 ரூபாய் 60 காசு வரும். வரிக்கு அது உதவாது. முதலில் 2023இல் வாங்கிய 1,000 யூனிட்டும் போகும். ஆதாயம் 30,000 ரூபாய். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் அது நீண்டகால ஆதாயம். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரியில்லாத பகுதிக்குள் அடங்கிவிடும். மீதி 500 யூனிட் 2024 அக்டோபர் வரிசையிலிருந்து போகும். வைத்திருந்தது பத்தே மாதம். அந்த 5,000 ரூபாய் குறுகியகால ஆதாயம், 20 விழுக்காடு வரி, 1,000 ரூபாய். அதன்மேல் சிறு கூடுதல் வரியும் உண்டு.

அந்த 500 யூனிட்டை மட்டும் நவம்பர் வரை விட்டிருந்தால், அதுவும் நீண்டகாலக் கணக்கில் சேர்ந்திருக்கும். மாதந்தோறும் எஸ்ஐபி போடுபவருக்கு ஒவ்வொரு தவணையும் தனி வாங்கல், தனித் தேதி. ஆக, ஓராண்டாகப் போட்டுவிட்டேனே என்று மொத்தத்தையும் எடுத்தால், கடைசிப் பதினொரு தவணைகளும் குறுகியகாலம்தான்.

இந்த வரிசை ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் தனியாக ஓடும். ஒரே ஃபண்டில் இரண்டு ஃபோலியோ இருந்தால் இரண்டு வரிசை. எதிலிருந்து எடுப்பது என்பது மட்டும் உங்கள் கையில். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் விற்பனைதான். பணம் கைக்கு வராததால் இதை மறப்பவர்கள் அதிகம். அன்றே வரிசை உடைந்து, புதிய யூனிட்டுக்குப் புதிய தேதி தொடங்கும்.

விற்கும் முன், கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் பதிவாளரிடமிருந்து கணக்கு அறிக்கையை வாங்கி, கைவசமுள்ள யூனிட்டுகளின் வாங்கிய தேதிகளைப் பாருங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக இருந்தால், ஃபண்டு நிறுவனம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். கூடுதலாகப் பிடித்திருந்தால், அங்கே ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். அங்கே கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நமக்குப் பழகிய ஜனவரியில் அல்ல.